கால் எரிச்சல் நின்றுவிட்டால் நல்ல செய்தியா? சர்க்கரை நோயில் மரத்துப்போகும் பாதத்தை எப்படிக் காப்பாற்றுவது?

ராத்திரி படுத்ததும் பாதம் நெருப்பில் வைத்தது போல எரிகிறது. போர்வை பட்டாலும் தாங்க முடியவில்லை. ஆனால் காலையில் எழுந்து நடந்தால் பஞ்சு மேல் நடப்பது போல இருக்கிறது. செருப்பு கழன்று விழுந்தது கூடத் தெரிவதில்லை.

உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ சர்க்கரை நோய் இருந்தால் இந்த இரண்டு புகார்களையும் சேர்த்தே கேட்டிருப்பீர்கள். ஒரே கால் எப்படி எரியவும் செய்யும், மரத்தும் போகும்? இதில் எது ஆபத்து?

பெரும்பாலானோர் மருத்துவரிடம் போவது எரிச்சலுக்காக. ஆனால் காலை இழக்க வைப்பது எரிச்சல் அல்ல, மரத்துப்போவது. இந்த வித்தியாசம் தெரியாததால், மாத்திரையில் எரிச்சல் அடங்கியதும் "சரியாயிடுச்சு" என்று நினைத்து பழைய செருப்புக்கே திரும்பிவிடுகிறார்கள். சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

கேரளாவில் வாழும் தமிழர்களுக்கு இது தூரத்து விஷயம் அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்த 'இண்டியாப்' ஆய்வின் முடிவுகள் 2023-ல் வெளியாயின. அதன்படி கேரளாவில் பெரியவர்களில் 25.5 சதவீதம் பேருக்கு சர்க்கரை நோய் இருக்கிறது. தேசிய சராசரி 11.4 சதவீதம். பொள்ளாச்சியை ஒட்டிய கோபாலபுரம் முதல் மூணாறு தேயிலைத் தோட்டங்கள் வரை, எல்லையோரத்தில் நாள் முழுக்கக் காலில் நின்று வேலை செய்பவர்களும் இந்தக் கணக்குக்குள்தான் வருகிறார்கள்.

ஒரே காலில் எரிச்சலும் மரத்துப்போதலும் ஏன்?

முதுகுத்தண்டில் இருந்து கால் கட்டைவிரல் வரை போகும் நரம்புதான் உடம்பிலேயே நீளமானது. கிட்டத்தட்ட ஒரு மீட்டர். ரத்தத்தில் சர்க்கரை வருடக்கணக்கில் அதிகமாக இருந்தால் நரம்பு இழைகளும், அவற்றுக்கு உணவு கொண்டுபோகும் நுண்ணிய ரத்தக் குழாய்களும் கெடுகின்றன. நீளமான நரம்பின் கடைசி முனைதான் முதலில் அடி வாங்கும். அதனால்தான் விரல் நுனியில் தொடங்கி, காலுறை போடும் அளவுக்கு மேலே ஏறி வருகிறது. இரண்டு காலிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி வருகிறது.

கெட்டுக்கொண்டிருக்கும் நரம்பு தவறான செய்தி அனுப்பும். ஒன்றுமே படாதபோது "சுடுது, குத்துது" என்று மூளைக்குச் சொல்லும். அதுதான் எரிச்சல். கெட்டுப்போய்விட்ட நரம்பு எந்தச் செய்தியும் அனுப்பாது. முள் குத்தினாலும் மௌனம். அதுதான் மரத்துப்போவது. ஒரே பாதத்தில் இரண்டு வகை இழைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. எந்தச் சிகிச்சையும் இல்லாமலே சிலருக்கு எரிச்சல் சில வருடங்களில் தானாகக் குறைந்துவிடும். நரம்பு குணமானதாக அதற்கு அர்த்தம் இல்லாமல் போகலாம். கத்திக்கொண்டிருந்த நரம்பு அடங்கிவிட்டது என்பதும் ஒரு காரணம்.

வேலூரில் கிடைத்த பதில்

மரத்துப்போன கால் ஏன் புண்ணாகிறது என்ற கேள்விக்குப் பதில் தமிழ்நாட்டில்தான் கிடைத்தது. அதுவும் வேறொரு நோயைப் பார்த்தபோது.

பால் பிராண்ட் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். பெற்றோர் ஆங்கிலேயர்கள். 1946-ல் வேலூர் சி.எம்.சி மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். தொழுநோயாளிகளின் விரலும் பாதமும் அந்த நோயாலேயே அழுகி உதிர்கின்றன என்று மருத்துவ உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. பிராண்ட் நோயாளிகளைக் கூர்ந்து பார்த்தார். உள்ளங்காலில் ஆழமான புண்ணை வைத்துக்கொண்டு நொண்டாமல் நடந்தார்கள். சூடான பாத்திரத்தைக் கையை இழுக்காமல் பிடித்தார்கள். தூங்கும்போது எலி கடித்தும் சிலர் விழிக்கவில்லை.

தசை தானாக அழுகவில்லை, வலி தெரியாததால் அவர்களே தினம் தினம் காயப்படுத்திக்கொள்கிறார்கள் என்ற முடிவுக்கு வந்தார். நமக்குக் கால் வலித்தால் தெரியாமலே எடையை மறு காலுக்கு மாற்றுகிறோம், நடையைச் சுருக்குகிறோம். மரத்த கால் அப்படிச் செய்யாது. ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான அடிகள் விழுந்துகொண்டே இருக்கும்.

1966-ல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணும் இதே கதைதான் என்று காட்டினார். வேலூரில் அவரது குழு பயன்படுத்திய மெத்தென்ற எம்.சி.ஆர் ரப்பர் செருப்பு இன்றும் இந்தியாவில் சர்க்கரை நோயாளிகளுக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. மருத்துவமனைகளில் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் நைலான் இழைச் சோதனையும் கார்வில்லில்தான் வடிவம் பெற்றது.

உங்கள் பாதம் மரத்திருக்கிறதா? எப்படித் தெரிந்துகொள்வது?

மருத்துவமனையில் பயன்படுத்தும் நைலான் இழை, 10 கிராம் அழுத்தம் வந்ததும் வளைந்துவிடும். கண்ணை மூடச் சொல்லி உள்ளங்காலின் சில இடங்களில் அதை வைப்பார்கள். வளையும் வரை அழுத்தியும் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், பாதத்தைக் காக்கும் உணர்ச்சி அந்த இடத்தில் போய்விட்டது என்று பொருள். கூடவே அதிர்வுக் கவையை விரலில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்றும் பார்ப்பார்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்றும் இருக்கிறது. நீங்கள் கண்ணை மூடிப் படுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவர் உங்கள் கால் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகிய மூன்றின் நுனியையும் ஆள்காட்டி விரலால் ஒன்று, இரண்டு வினாடி மெல்லத் தொட வேண்டும். அழுத்தக் கூடாது, தேய்க்கக் கூடாது. இரண்டு காலிலும் சேர்த்து ஆறு இடம். தொட்டதும் வலதா, இடதா என்று சொல்லுங்கள். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் கால் மரத்திருக்க வாய்ப்பு அதிகம். எரிச்சலே இல்லாவிட்டாலும் மருத்துவரைப் பாருங்கள்.

எரிச்சல் என்றாலே சர்க்கரைதான் என்றும் முடிவு கட்ட வேண்டாம். மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். அதுவும் இதே எரிச்சலைத் தரும். மதுவும், தைராய்டு குறைபாடும், சிறுநீரகக் கோளாறும், தொழுநோயும் நரம்பைக் கெடுக்கும். ஒரு காலில் மட்டும் வந்தாலோ, வேகமாகப் பரவினாலோ, கை கால் பலம் குறைந்தாலோ வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

எரிச்சலுக்கு என்ன மருந்து?

சாதாரண வலி மாத்திரைகள் இந்த எரிச்சலுக்குப் பெரிதாக உதவாது. டைக்ளோஃபெனாக் போன்றவற்றைக் கடையில் வாங்கித் தினமும் போட்டால், ஏற்கெனவே சர்க்கரையால் களைத்திருக்கும் சிறுநீரகத்துக்குக் கெடுதல்.

நரம்பு வலிக்கென்று மருத்துவர்கள் முதலில் எழுதுபவை அமிட்ரிப்டிலின், டுலாக்செட்டின், பிரிகாபலின், காபாபென்டின். பிரிட்டனில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2022-ல் லான்செட் இதழில் வந்தது. அமிட்ரிப்டிலின், டுலாக்செட்டின், பிரிகாபலின் ஆகிய மூன்றில் எதில் தொடங்கினாலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான், ஒன்று போதாதபோது இன்னொன்றைச் சேர்த்தால் கூடுதல் நிவாரணம் கிடைக்கிறது என்று அது காட்டியது. ஆகவே 'எது பெஸ்ட்' என்பதைவிட 'உங்களுக்கு எது ஒத்துவரும்' என்பதுதான் கேள்வி. புராஸ்டேட் வீக்கமோ இதயத் துடிப்புக் கோளாறோ இருப்பவர்களுக்கு அமிட்ரிப்டிலின் பொருந்தாமல் போகலாம். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் பிரிகாபலின், காபாபென்டின் அளவைக் குறைக்க வேண்டும்; தலைசுற்றலும் தூக்கமும் வரும். டுலாக்செட்டின் தொடக்கத்தில் குமட்டல் தரலாம். எதையும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவோ, சட்டென்று நிறுத்தவோ கூடாது.

எதிர்பார்ப்பையும் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். வலி பாதியாகக் குறைந்து ராத்திரி தூக்கம் வந்தால் அது நல்ல பலன். அதற்குச் சில வாரங்கள் ஆகும். இந்த மருந்துகள் எதுவும் மரத்துப்போன உணர்ச்சியைத் திருப்பித் தராது.

சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவது நரம்பு மேலும் கெடும் வேகத்தைக் குறைக்கும். ஆனால் நீண்ட காலம் உச்சத்தில் இருந்த சர்க்கரையை ஓரிரு மாதத்தில் சடாரென்று இறக்கினால் சிலருக்கு எரிச்சல் திடீரென்று கூடும். "மருந்து ஒத்துக்கல" என்று அப்போது இன்சுலினை விட்டுவிடாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஒரு உதாரணம்: வலி குறைந்த பிறகு வந்த புண்

இது எப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 54. கோபாலபுரம் பக்கம் தென்னந்தோப்பில் தண்ணீர் பாய்ச்சும் வேலை. பதினொரு வருடமாகச் சர்க்கரை. மூன்று மாதமாக ராத்திரியில் எரிச்சல். கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டார். படுக்கும் முன் சுடுதண்ணீரில் உப்பு போட்டுக் காலை வைத்தார்.

மருத்துவமனையில் பார்த்தபோது மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 9.4. பி12 குறைவு. பாதத்தில் நாடித் துடிப்பு நன்றாக இருக்கிறது. அதாவது ரத்த ஓட்டம் பரவாயில்லை. ஆனால் நைலான் இழை வலது காலில் மூன்று இடங்களில் தெரியவில்லை. கட்டைவிரலுக்குக் கீழே, உள்ளங்காலின் முன்பகுதியில் தோல் தடித்துக் காய்ப்பு.

சிறுநீர் கழிக்கச் சிரமம் இருந்ததால் மருத்துவர் அமிட்ரிப்டிலினைத் தவிர்த்து, டுலாக்செட்டினை 30 மில்லிகிராமில் தொடங்கி 60-க்குக் கூட்டினார். பி12 கொடுத்தார். காய்ப்பைச் சீவி எடுத்தார். எம்.சி.ஆர் செருப்பு வாங்கச் சொன்னார். ஆறு வாரத்தில் பத்துக்கு எட்டாக இருந்த எரிச்சல் நான்காகக் குறைந்தது. நிம்மதியாகத் தூங்கினார்.

"வலிதான் போயிடுச்சே" என்று செருப்பை மட்டும் வாங்கவில்லை. தேய்ந்துபோன பழைய ஹவாய் செருப்போடு தோப்புக்குப் போனார். ஒரு மாதத்தில் காய்ப்பு திரும்ப வந்தது. காய்ப்பு என்பது செருப்புக்குள் கிடக்கும் சின்னக் கல் மாதிரி. மேலே தோல் முழுசாகத் தெரிந்தாலும், அடியில் சதை நசுங்கி ரத்தம் கட்டி புண்ணாகும். அவருக்கு எதுவும் தெரியவில்லை. தரையில் ஈரமான தடம் பதிந்திருப்பதை மனைவிதான் பார்த்தார்.

மறுநாள் காலையிலேயே போனதால் புண் எலும்பு வரை போகவில்லை. சுத்தம் செய்து, அந்த இடத்தில் எடை விழாதபடி காலுக்குக் கட்டுப் போட்டார்கள். புண் ஆற முக்கியமான சிகிச்சை இதுதான். மருந்து வைத்துவிட்டு அதே காலில் நடந்தால் ஆறாது. ஆற இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. ஒரு வாரம் தள்ளிப்போட்டிருந்தால் கிருமி எலும்பில் ஏறியிருக்கலாம். விரலை எடுக்க வேண்டிய நிலை அப்படித்தான் வருகிறது.

தினமும் என்ன செய்ய வேண்டும்?

மரத்த காலுக்கு வலி செய்யும் வேலையை இனி கண்தான் செய்ய வேண்டும். தினமும் படுக்கும் முன் இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். மேல்புறம், உள்ளங்கால், குதிகால், ஒவ்வொரு விரல் இடுக்கு என்று வெளிச்சத்தில் பாருங்கள். குனிய முடியாவிட்டால் தரையில் கண்ணாடி வையுங்கள். கண் பார்வை மங்கலாக இருந்தால் வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். புறங்கையால் இரண்டு பாதத்தையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு இடம் மட்டும் மறு காலைவிடச் சூடாக இருந்தால், புண் வருவதற்கு முன்பே கிடைக்கும் எச்சரிக்கை அது.

சாதாரணத் தண்ணீரில் கழுவி, விரல் இடுக்கை ஒற்றித் துடையுங்கள். நரம்பு கெட்டால் பாதத்தில் வியர்வை குறைந்து தோல் வறண்டு வெடிக்கும். அதனால் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்கள், ஆனால் விரல் இடுக்கில் வேண்டாம். ஈரம் தங்கிச் சேற்றுப்புண் வரும். நகத்தை நேராக வெட்டுங்கள். காய்ப்பை பிளேடால் சீவவோ, கடையில் விற்கும் 'கார்ன் கேப்' ஒட்டவோ கூடாது. அதில் உள்ள அமிலம் நல்ல தோலையும் அரிக்கும்.

எரிச்சலுக்குச் சுடுதண்ணீர், ஐஸ் இரண்டுமே ஆபத்து. சூடு தெரியாத கால் வெந்துபோன பிறகுதான் தெரியும். மூணாறு, தேவிகுளம் பக்கம் குளிருக்குக் கணப்பு அருகே கால் நீட்டி உட்காருவதும், சுடுதண்ணீர் பை வைத்துத் தூங்குவதும் அப்படித்தான். குளிருக்குக் காலுறை போதும். மேல்விளிம்பு இறுக்காததாக, வெள்ளை நிறமாக இருந்தால் ரத்தக் கறையோ சீழோ உடனே தெரியும்.

செருப்பு, தோட்டம், கோயில்

வீட்டுக்குள்ளும் செருப்பு போடுங்கள். பாதத்தின் முன்பகுதி அகலமாக, அடிப்பாகம் மெத்தென்று, குதிகாலுக்குப் பின்னால் பட்டையோடு இருக்க வேண்டும். விரல் இடுக்கில் வார் வைத்த செருப்பு கழன்று விழும், இடுக்கையும் உராயும். மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும்போது வாங்குங்கள். மரத்த காலுக்கு இறுக்கமான செருப்புதான் 'சரியாக' இருப்பது போலத் தோன்றும். அதனால் காலை ஒரு தாளில் வரைந்து செருப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். போடும் முன் தினமும் உதறி, உள்ளே கைவிட்டுத் தடவுங்கள்.

ஏலத் தோட்டத்திலும் தேயிலைத் தோட்டத்திலும் கம்பூட் போடுகிறவர்கள் அதைக் கழற்றியதும் காலைப் பார்த்தே ஆக வேண்டும். உள்ளே ஏறிய அட்டை கடித்தது தெரியாது. வியர்வையில் ஊறிய தோல் சீக்கிரம் உரியும்.

பழனி பாதயாத்திரையும் சபரிமலைப் பயணமும் இந்தப் பகுதியின் வாழ்க்கையோடு கலந்தவை. ஆனால் உணர்ச்சி இழந்த பாதத்தோடு வெயிலில் தார்ச் சாலையில் வெறுங்காலில் நடந்தால் கொப்புளம் வந்து உடைந்தும் தெரியாது. போவதாக இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் காலைக் காட்டுங்கள். வழிநடையில் செருப்பு போடுங்கள். கோயிலுக்குள் வெறுங்காலில்தான் போக வேண்டும் என்றால், கல் சூடேறும் முன் காலையிலேயே தரிசனத்தை முடித்துக்கொள்ளுங்கள்.

எப்போது உடனே போக வேண்டும்?

புண், கொப்புளம், சீழ், கெட்ட வாடை, தோல் கறுப்பது, சிவந்து வீங்குவது என இவற்றில் எதைப் பார்த்தாலும் அடுத்த நாளுக்குள் மருத்துவமனையில் இருங்கள். "வலிக்கலையே, பாத்துக்கலாம்" என்பது இங்கே செல்லாது. காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைக்கே.

இன்னொன்று பலர் தவறவிடுவது: புண்ணே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் சூடாக, சிவந்து வீங்கி, அதிகம் வலிக்காமல் இருந்தால், உள்ளே எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்கலாம். 'சார்கோ பாதம்' என்பார்கள். சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்து நடந்தால் பாதத்தின் வடிவமே மாறிவிடும். மருத்துவர் பார்க்கும் வரை அந்தக் காலை ஊன்றாதீர்கள்.

எல்லையில் இருப்பவர்களுக்கு சித்தூர் தாலுகா மருத்துவமனையும் பொள்ளாச்சி அரசு மருத்துவமனையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. எங்கே போனாலும் சர்க்கரை அளவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். செருப்பைக் கழற்றி, "டாக்டர், காலையும் பாருங்க" என்று கேளுங்கள். சர்க்கரை நோயாளி ஒவ்வொருவருக்கும் வருடத்துக்கு ஒரு முறையாவது பாதப் பரிசோதனை வேண்டும். கால் மரத்திருந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. ஏற்கெனவே புண் வந்து ஆறியிருந்தால் ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை. ஒரு முறை புண் வந்த இடத்தில் மறுபடி வருவதுதான் வழக்கம்.